லோயர், ஹையர்

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தது. மரக்காணம் அதற்கு வடக்கே இருக்கிறது என்றாலும் காற்று எங்களையும் விட்டுவைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நான் சென்னையிலிருந்து ஊர் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா வீட்டு ஓடுகளில் பாதி தெருவில் கிடந்தன. பெரியப்பா மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவள், திண்ணையில் உட்கார்ந்து மூன்று காகிதங்களைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் கூழாங்கல்.

"பி.ஏ. சர்டிபிகேட் நனைஞ்சிருந்தாகூட இவ்ளோ பயந்திருக்க மாட்டேன்டா தம்பி" என்றாள். "இது மூணும்தான் எனக்குச் சோறு."

அந்த மூன்றும் என்னென்ன என்று எனக்குத் தெரியும். ஓவியத்தில் லோயர் கிரேடு, ஹையர் கிரேடு, அதன்பின் தொழிலாசிரியர் பயிற்சிச் சான்றிதழ். எங்கள் பக்கத்தில் இவற்றை முழுப்பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. "லோயர் முடிச்சிட்டியா? ஹையர் போட்டுட்டியா? டி.டி.சி. எப்போ?" என்றுதான் கேட்பார்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் அரசு தொழில்நுட்பத் தேர்வுகள் என்பது இவற்றின் உத்தியோகப் பெயர். ஓவியம், இசை, நடனம் ஆகியவற்றோடு தையல், கைத்தறி நெசவு, அச்சுக்கலை, விவசாயம் எல்லாம் இதே குடையின் கீழ்தான் வரும். பரதநாட்டியமும் அச்சுக் கோப்பதும் ஒரே அறிவிக்கையில் வருவதைப் பார்த்து நான் சிறுவயதில் சிரித்திருக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அக்கா போன வழி இது. பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே லோயர், அடுத்து ஹையர். இரண்டும் நவம்பரில். உப்பளக்காரர் வீட்டுக்கு நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. பாத்தியெல்லாம் தண்ணீரில் கிடக்கும், வேலை இருக்காது, கையில் காசும் இருக்காது. தேர்வுக் கட்டணத்தைச் செப்டம்பரிலேயே, கடைசி உப்பு வாரும்போதே, எடுத்துவைத்துவிட வேண்டும். மழைக்கால நவம்பரில் திண்டிவனம் போகும் பஸ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் முதல் நாளே போய் அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினாள். தேர்வுக்கு ஒருமுறை போக முடியாமல் போனால் நஷ்டம் ஒரு நவம்பரோடு நிற்காது. கோடை விடுமுறையில் நடக்கும் 42 நாள் தொழிலாசிரியர் பயிற்சியில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு லோயர் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். நவம்பர் தவறினால் மே தவறும், மே தவறினால் இன்னும் ஒரு வருடம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு மூப்பு பார்த்து வேலைக்குக் கூப்பிட்ட காலத்தில் ஒரு வருடம் பின்னால் போவது என்றால், தனக்கு முன்னால் ஒரு பெரிய வரிசை நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

நானும் லோயர் எழுதியவன்தான். எட்டாவது படிக்கும்போது, 2001ல். டிராயிங் மாஸ்டர் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார், நானும் போனேன், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தேர்வறை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஒரு தாள் கைவரை, ஆங்கிலத்தில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன். அச்சிட்ட ஒரு வடிவத்தைக் கொடுப்பார்கள், பெரும்பாலும் இடம் வலம் ஒத்திருக்கும் பூச்சாடியோ இலைச் சுருளோ. அதைப் பெரிதாக்கி வெளிக்கோட்டால் மட்டும் வரைய வேண்டும். அளவுகோல் கூடாது, காம்பஸ் கூடாது, ஒற்றி எடுக்கக் கூடாது. அளவுகோல் வைத்தவனைத் தாளை மட்டும் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று மாஸ்டர் சொல்வார். கையால் இழுத்த கோடு ஆரம்பத்தில் அழுத்தமாகவும் போகப்போக மெலிந்தும் இருக்கும். அளவுகோல் கோடு தலையிலிருந்து கால்வரை ஒரே தடிமன். ஒற்றியவனுக்கு வேறு வழி இருந்தது. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பின்பக்கம் பள்ளம் தெரியும். "முன்பக்கம் மார்க் போடுறதுக்கு, பின்பக்கம் மாட்டுறதுக்கு" என்பார்.

இன்னொன்று மாதிரி ஓவியம், மாடல் டிராயிங். அறை நடுவில் மேசையில் ஒரு பெட்டி, ஒரு குடம் அல்லது வாளி, சாய்த்து வைத்த ஒரு பலகை இருக்கும். சுற்றிலும் மாணவர்கள். இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். எல்லோரும் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், எனக்குத் தெரியும் பெட்டி எதிரில் இருப்பவனுக்குத் தெரியாது. தாளில் பெயர் கிடையாது, பதிவெண்தான். தாள் எங்கேயோ போகிறது. நான் எங்கே உட்கார்ந்தேன், என் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று திருத்துபவருக்கு எப்படித் தெரியும்?

இதை மாஸ்டரிடம் கேட்டதற்கு அவர் உப்பளத்துக்கு அழைத்துப் போய்ப் பதில் சொன்னார். வரப்பில் ஒரு வாளியை வைத்தார். நின்று பார்த்தால் வாளியின் வாய் அகன்ற வட்டமாகத் தெரிகிறது. குந்தினால் அது ஒடுங்கிய நீள்வட்டமாகிறது. வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து கண்ணை வாளியின் விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுவந்தால் வாய் வெறும் கோடு. அடிப்பாகம் எப்போதும் கண் மட்டத்திலிருந்து வாயைவிடத் தள்ளி இருப்பதால், அதன் வளைவு வாயின் வளைவைவிட உருண்டையாக இருந்தாக வேண்டும். புதிதாக வரைபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வாயை நல்ல நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, வாளி தரையில்தானே உட்கார்ந்திருக்கிறது என்று அடியை நேர்க்கோடாக இழுத்துவிடுவார்கள். அந்த ஒரு கோடு போதும், இவன் பார்த்து வரையவில்லை, நினைத்து வரைந்தான் என்று சொல்ல.

அதாவது, வரைந்தவன் கண் எங்கே இருந்தது என்பதை ஓவியமே சொல்லிவிடுகிறது. வாளி ஒரு கண் மட்டத்தைச் சொல்லும். பெட்டியின் பக்கக் கோடுகள் தூரம் போகப்போக நெருங்குகின்றன, அவை எந்த உயரத்தில் சந்திக்கும் என்று பார்த்தால் அதுவும் ஒரு கண் மட்டத்தைச் சொல்லும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பையன் உண்மையாகப் பார்த்திருக்கிறான். வாளி ஒன்று சொல்லி, பெட்டி வேறொன்று சொன்னால் எங்கேயோ பிசகு. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து ஒரு பொருளை மட்டும் வரைந்தவனும் இப்படித்தான் மாட்டுவான், ஏனென்றால் அவன் கடன் வாங்கியது இன்னொருவன் கண்ணை. திருத்துபவர் மேசையையும் குடத்தையும் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் இன்று மென்பொருள் சோதனையில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். சரியான விடை இன்னதென்று தெரியாதபோது, வந்த விடை தனக்குள் முரண்படுகிறதா என்று பார்ப்போம்.

இந்தத் தேர்வை மரக்காணத்தில் உட்கார்ந்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. சென்னையிலும் இல்லை. 1851ல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தது. அதில் பிரெஞ்சுப் பொருட்களின் அழகுக்கு முன்னால் தங்கள் ஆலைப் பொருட்கள் நிற்கவில்லை என்று ஆங்கிலேயருக்குக் கவலை வந்தது. துணியிலும் பீங்கானிலும் நல்ல வடிவம் வர வேண்டுமென்றால் தொழிலாளியின் கையும் கண்ணும் பழக வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். ஹென்றி கோல் என்ற அதிகாரியின் கீழ் இதற்கென்றே ஓர் அரசுத் துறை பிறந்தது. பிறகு அது தெற்கு கென்சிங்டனுக்குக் குடிபோனதால் அந்த முறைக்கே அந்தப் பேர் நிலைத்துவிட்டது. ஓவியக் கல்வியை ரிச்சர்ட் ரெட்கிரேவ் 23 படிகளாகப் பிரித்தார். முதல் படி கருவிகளால் நேர்க்கோடு. இரண்டாவது தட்டையான மாதிரியைப் பார்த்துக் கைவரை வெளிக்கோடு. மூன்றாவது கன வடிவத்தைப் பார்த்து வெளிக்கோடு. திண்டிவனத்தில் நான் எழுதிய இரண்டு தாள்களும் இந்த இரண்டாம், மூன்றாம் படிகள்தான். பெயர்கூட மாறவில்லை.

படிகளின் மேல் தரங்களை ஏற்றினார்கள். பள்ளிக் குழந்தைகளுக்கு முதல் தரம், ஆசிரியராகப் பயில்வோருக்கு இரண்டாம் தரம், கலை ஆசிரியருக்கு மூன்றாம் தரம். இரண்டாம் தரத்தில் கைவரை, வடிவியல், தூரக்காட்சி, மாதிரி ஓவியம் என்று தாள்கள். உள்ளூர்க் குழு முன்னிலையில் முத்திரையிட்ட உறையைப் பிரித்துத் தேர்வை நடத்துவார்கள், தாள்கள் மறுபடி முத்திரையிடப்பட்டு லண்டன் போகும். எத்தனை பேர் தேறினார்களோ அதைப் பொறுத்துப் பள்ளிக்கு உதவித்தொகை. சொல்லிக்கொடுத்தவரே மார்க் போட்டால் காசும் அவருக்கே போகும் என்பதால்தான், மாணவனையும் மாதிரிப் பொருளையும் பார்க்காத ஒருவர் திருத்த வேண்டியிருந்தது. நான் மாஸ்டரிடம் கேட்ட கேள்விக்கு வேர் இங்கே இருக்கிறது. சார்லஸ் டிக்கன்ஸுக்கு இந்த ஆட்களைக் கண்டால் ஆகாது. 1854ல் வந்த 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் கம்பளத்தில் பூப்போடுவது தப்பு என்று குழந்தைகளிடம் வாதாடும் ஒரு சர்க்கார் ஆசாமி வருகிறார். அது ஹென்றி கோலைக் குத்தியது என்பார்கள்.

சென்னையில் 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். எழும்பூரில் இன்று கவின்கலைக் கல்லூரியாக இருப்பது அதன் வாரிசு. தெற்கு கென்சிங்டனில் பயின்றவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1880களில் மதராஸ் மாகாணக் கல்வித்துறை தொழிற்கல்விக்கென்று தனித் தேர்வுத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியபோது, ஓவியம் அதற்குள் தொழிலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கலை என்ற அர்த்தத்தில் அது அங்கே போகவில்லை. தச்சன், கொல்லன், அச்சுக்காரன் எல்லோருக்கும் பொதுவான கைப்பழக்கம் என்ற அர்த்தத்தில் போனது. அறிவிக்கையில் நெசவுக்கும் அச்சுக்கலைக்கும் நடுவே ஓவியம் நிற்பதன் கதை இதுதான். இசையும் நடனமும் பின்னாளில் அதே வீட்டில் குடிவந்தன. பம்பாயில் இதே பரம்பரை வேறு வழியில் போயிற்று. மகாராஷ்டிரத்தில் இன்றும் எலிமென்டரி, இன்டர்மீடியட் என்று ஓவியத் தரத் தேர்வுகள் நடக்கின்றன, இன்டர்மீடியட்டில் வாங்கும் தரத்துக்குப் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் உண்டு. அங்கே அது மார்க்காக மாறியது. நம் பக்கம் வேலைத் தகுதியாக மாறியது.

மாறிய பிறகு தேர்வின் பொருளே வேறாகிவிட்டது. யாரும் பீங்கானுக்கு வடிவம் போட லோயர் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆவதற்கு எழுதினார்கள். டிராயிங் மாஸ்டர் ஆகி, அடுத்த பிள்ளைகளை லோயருக்குத் தயார்செய்தார்கள். என் அலுவலகத்திலும் இப்படிப் பழைய நிரல்கள் உண்டு. எழுதப்பட்ட காரணம் போய்விடும், ஆனால் பத்து இடத்தில் அதை நம்பிக்கொண்டிருப்பார்கள், யாராலும் கழற்ற முடியாது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உப்பளக் கூலி வீட்டிலிருந்து அரசுப் பள்ளி நாற்காலிவரை போக ஓர் ஏணி இருந்தது என்றால், அதன் படிகளை ரெட்கிரேவ் போட்டாரா வேறு யார் போட்டார்களா என்பதில் என் பெரியப்பாவுக்கு அக்கறை இல்லை. பெரிய செலவு இல்லாமல் ஏற முடிகிற ஏணி என்பதுதான் அவருக்கு முக்கியம். கல்லூரி விடுதிக் கட்டணம் இல்லை, ஊரைவிட்டுப் போக வேண்டாம். இரண்டு நவம்பர், ஒரு கோடை.

இசைக்கு வரும்போது இந்த ஏற்பாடு சிக்கலாகிறது. ஓவியத் தாள் பதிவெண்ணோடு போய்விடும். பாட்டு அப்படிப் போகாது, பாடுபவர் தேர்வாளர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். குரலும் முகமும் குருவின் பாணியும் சேர்ந்தே உள்ளே வருகின்றன. லண்டன் டிரினிட்டி கல்லூரி இதற்கு ஒரு வழி செய்தது. அது 1877லேயே வெளியூர்த் தேர்வுகளைத் தொடங்கிய நிறுவனம், சென்னையில் பியானோ, கிடார் படிக்கும் பிள்ளைகள் எழுதுவது பெரும்பாலும் அதைத்தான். சொல்லிக்கொடுத்தவரோடு சம்பந்தமில்லாத ஒருவரை அனுப்புவது, மதிப்பெண்ணைத் துண்டுதுண்டாகப் பிரிப்பது. நூற்றில் மூன்று பாடல்களுக்கு 66, கைப்பயிற்சிக்கு 14, துணைச் சோதனைகளுக்கு 20. 60 எடுத்தால் தேர்ச்சி, 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். அச்சிட்ட இசைத்தாள் இருக்கும் இடத்தில் இது நடக்கும். தேர்வாளரும் மாணவரும் ஒரே தாளைப் பார்க்கிறார்கள்.

கர்நாடக இசையில் அந்தப் பொதுத் தாள் இல்லை. ஒரே கிருதிக்குப் பாடாந்தரம் பல. தன் குருவிடம் கேட்ட சங்கதியை மாணவி பாடுவாள், தேர்வாளர் காதில் வேறொரு சங்கதி ஓடிக்கொண்டிருக்கும். வித்தியாசத்தைப் பிழை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இங்கேதான் அதிகம். ஆனாலும் தரம் பிரித்துத் தேர்வு வைக்க முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் 1931ல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை படிப்படியான தரங்கள் வைத்து ஆசிரியர் தரம்வரை தேர்வு நடத்திவருகிறது, அதன் 'கலாவித்தகர்' பட்டத்தை ஈழத்துக் கலைஞர்கள் பலர் பெயரோடு சேர்த்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நல்ல தேர்வாளர் செய்வது என்ன என்று வாய்ப்பாட்டு ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன். "என் சங்கதி வருதான்னு பாக்க மாட்டேன் தம்பி. அவ பாடின வரிக்கே ஸ்வரம் சொல்லச் சொல்லுவேன். பாடினது ஒண்ணு, சொல்ற ஸ்வரம் ஒண்ணுன்னா வெறும் மனப்பாடம்" என்றார். வாளியும் பெட்டியும் ஒரே கண் மட்டத்தைச் சொல்கின்றனவா என்று பார்க்கும் அதே வேலை.

எங்கள் மாவட்டத்து விஷயம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மூன்று ஆண்டுப் படிப்பு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியத்தில் சேர ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். நாதசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு ஆண்டு சேர்க்கை அறிவிப்பிலும் இந்த ஒரு வரி வரும். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, குடும்பத்திலும் கோயில் வாசலிலும் கற்ற பிள்ளைகளைச் சான்றிதழுக்குள் கொண்டுவர வைத்த வாசல் அது என்று நான் நினைக்கிறேன். ஓவியத்துக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. கோயில் சுவருக்கும் லாரிக்கும் பெயிண்ட் அடிக்கும் எங்கள் ஊர் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் மாஸ்டரைவிட நன்றாக வரைவார். லோயர் இல்லாததால் அவர் மாஸ்டர் இல்லை.

திண்ணைக்குத் திரும்பி வருகிறேன். அக்காவின் பயத்துக்குக் காரணம் தேதி. அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் 16,549 பேரை எடுக்கப்போவதாகப் புயலுக்குச் சில வாரம் முன்புதான் அரசு அறிவித்திருந்தது. ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் எல்லாம் உண்டு. மாதம் 5,000 ரூபாய், வாரம் மூன்று அரை நாள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு எந்த நாளும் கூப்பிடலாம், அசல் வேண்டும்.

காய்ந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். லோயரில் முத்திரை கரைந்து ஊதாப் படலமாகப் பரவியிருந்தது. ஹையரில் மடிப்பு கிழிந்து பெயரின் நடு எழுத்து போயிருந்தது. ஆனால் அச்சில் விழுந்த பதிவெண்ணும் தேர்வு நடந்த மாதம், வருடமும் மூன்றிலும் பிழைத்திருந்தன. சான்றிதழில் உயிர் இருப்பது அந்த இரண்டில்தான். பெயரையும் வகுப்பையும் யாரும் எழுதிவிடலாம். பதிவெண்ணும் பருவமும் இருந்தால் வழங்கிய இடத்துப் பதிவேட்டில் போய் ஒத்துப் பார்க்க முடியும், இல்லையென்றால் எந்தப் பேரேட்டில் தேடுவது என்றே தெரியாது. பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவது அடுத்த கவலை. லோயர் எழுதும்போது அக்காவுக்கு இனிஷியல் ஒன்று, பத்தாவதில் இரண்டு. பதிமூன்று, பதினான்கு வயதில் யாரோ அவசரமாக நிரப்பிய விண்ணப்பம் அது. சரிபார்ப்பு மேசையில் அந்த ஓர் எழுத்துக்காகத்தான் அவளை நெடுநேரம் நிற்கவைத்தார்கள், கரைந்த முத்திரைக்காக இல்லை. இருவரும் ஒருவரே என்று பழைய தலைமையாசிரியர் எழுதிக்கொடுத்த கடிதம் காப்பாற்றியது.

2012ல் வேலைக்குச் சேர்ந்தாள். பதிவு மூப்பில் என்றாவது முழுநேர வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. 2017ல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,325 சிறப்பாசிரியர் இடங்களுக்குப் போட்டித் தேர்வு வைத்தது. லோயர், ஹையர், டி.டி.சி. எல்லாம் அந்தத் தேர்வின் வாசலைத் திறந்துவிடும் சாவியாக மட்டும் ஆயின. உள்ளே போய்ப் புள்ளி வைக்க வேண்டியது கேள்வித்தாளில், வாளியிலும் பெட்டியிலும் இல்லை. அக்கா எழுதினாள், கிடைக்கவில்லை. 5,000 ரூபாய் படிப்படியாக ஏறி 2021ல் 10,000 ஆகி, 2024ல் 12,500 ஆகியது.

போன வருடம் மழைக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். லோயருக்குத் தயாராகும் நான்கு பிள்ளைகளை அக்கா உப்பளத்து வரப்பில் உட்காரவைத்திருந்தாள். எதிரே ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குப் பின்னால் தென்னங்கீற்று மூடிய உப்புக் குவியல், கூம்பு மாதிரி. ஒரு பையன் வாளியின் அடியை நேர்க்கோடாக இழுத்துவிட்டான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த இடத்திலேயே குந்தி, அவன் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்து வாளியைப் பார்த்தாள்.

"உன் விண்ணப்பத்துல இனிஷியல் எத்தினி போட்ட?" என்று கேட்டாள் அவனிடம்.

"ஒண்ணு மிஸ்."

"ஆதார்ல?"

பையன் யோசித்தான். "ரெண்டுன்னு நெனைக்கிறேன்."

"மொத அத போய்ப் பாத்துட்டு வா. வாளி எங்கயும் போவாது."